முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கினால்

ஒரு நகைக்கடையின் மாதச் சேமிப்புத் திட்டத்தில் 600 பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணை நாளன்று காலை அவர்கள் அனைவருக்கும் ஒரு நினைவூட்டல் குறுஞ்செய்தி போக வேண்டும். இதற்கென்று கடையின் சர்வரில் ஒரு சிறிய நிரல் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தானாக எழும். யாருக்கெல்லாம் இன்னும் செய்தி போகவில்லை என்று தரவுத்தளத்தில் பார்த்துப் பட்டியல் எடுக்கும். ஒவ்வொருவராக அனுப்பும். கடைசி ஆள்வரை அனுப்பி முடித்ததும், பட்டியலில் உள்ள எல்லோர் பெயருக்கும் எதிரே 'அனுப்பியாயிற்று' என்று குறித்துவிட்டு ஓய்ந்துவிடும்.

ஒரு செய்தி அனுப்ப 0.3 விநாடி ஆகிறது. அறுநூறு பேருக்கு 180 விநாடி, அதாவது மூன்று நிமிடம். அடுத்த முறை எழுவதற்கு இன்னும் ஏழு நிமிடம் இருக்கிறது. இப்படியே மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

ஒருநாள் குறுஞ்செய்தி நிறுவனத்தின் சர்வர் மந்தமாகிவிடுகிறது. ஒரு செய்திக்கு 0.3 விநாடி ஆன இடத்தில் 2.5 விநாடி ஆகிறது. காலை 9 மணிக்கு எழுந்த நிரல் வேலையை முடிக்க இப்போது 25 நிமிடம் வேண்டும். ஆனால் 9:10க்கு அதே நிரல் இரண்டாவது முறையாக எழுப்பப்படுகிறது. அது தரவுத்தளத்தைப் பார்க்கும்போது ஒருவர் பெயருக்கு எதிரேயும் குறி இல்லை. ஆகவே அறுநூறு பேரையும் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து அனுப்பத் தொடங்குகிறது. 9:20க்கு எழும் மூன்றாவது ஓட்டமும் அதையே செய்கிறது. 9:45க்கு எல்லாம் அடங்கும்போது ஒவ்வொரு வாடிக்கையாளர் கையிலும் மூன்று செய்திகள் இருக்கின்றன. ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த சர்வர்மேல் ஒரே நேரத்தில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்ததால் அது இன்னும் மந்தமாகவும் வாய்ப்புண்டு. நிரல் அனுப்பியது செய்தியாக இல்லாமல், வங்கிக் கணக்கிலிருந்து தவணையைப் பிடிக்கும் உத்தரவாக இருந்திருந்தால்? மூன்று தவணை போயிருக்கும்.

நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது வேகம் மட்டும்தான்.

கடிகாரத்துக்கு வேலை தெரியாது

யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் இப்படி நேரம் பார்த்து வேலைகளை எழுப்பிவிடுவது கிரான் என்னும் நிரல். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலேயே அது இருந்தது. அதற்கு நாம் கொடுக்கும் உத்தரவு ஒரே வரி:

```
*/10 * * * * /opt/seettu/ninaivu.sh
```

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த நிரலை ஓட்டு என்பது இதன் பொருள். போன முறை ஓட்டியது முடிந்ததா என்று கிரான் கேட்பதில்லை. அது அதன் வேலையும் அல்ல. அலாரம் அடிப்பதோடு அதன் பொறுப்பு முடிந்தது. எனவே 'ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார்' என்று சொல்லும் ஏற்பாட்டை நாம்தான் செய்ய வேண்டும்.

பலரும் முதலில் செய்வது இது: நிரல் தொடங்கும்போது ஒரு கோப்பை உருவாக்கும், முடியும்போது அழித்துவிடும். அடுத்த ஓட்டம் வந்து, கோப்பு இருந்தால் திரும்பிப் போய்விடும். ஒண்டுக்குடித்தன வீட்டில் பொதுக் குளியலறைக் கதவில் 'ஆள் இருக்கிறது' என்று அட்டை மாட்டுவது போன்ற ஏற்பாடு. இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, பார்ப்பதற்கும் மாட்டுவதற்கும் இடையிலான கணம். இருவர் ஒரே நேரத்தில் வந்து, அட்டை இல்லை என்று இருவருமே பார்த்து, இருவருமே மாட்டிவிட்டு உள்ளே போகலாம். இரண்டாவதுதான் நடைமுறையில் அதிகம் கடிப்பது. நிரல் பாதியில் செத்துப்போனாலோ மின்சாரம் போய் சர்வர் அணைந்தாலோ அட்டையைக் கழற்ற ஆள் இல்லை. உள்ளே யாருமே இல்லாத குளியலறைக்கு வெளியே எல்லோரும் காத்திருப்பார்கள். நினைவூட்டல்கள் அன்றோடு நின்றுபோகும், பிழைச்செய்தியும் வராது. ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டமும் 'ஏற்கெனவே ஆள் இருக்கிறது' என்று ஒழுங்காகத்தான் திரும்பிப் போகிறது.

கோப்புக்குள் ப்ராசஸ் எண்ணை எழுதிவைத்து, அந்த எண்ணில் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் அந்த எண்களைக் கணினி மறுபடி பயன்படுத்தும். செத்துப்போன நினைவூட்டல் நிரலின் எண் நாளைக்கு வேறொரு நிரலுக்குப் போயிருக்கலாம். அப்போது யாரோ ஒருவரைப் பார்த்து நம் ஆள் என்று நினைத்துக்கொள்வோம்.

ஆகவே ஒரு பூட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எப்படிப் பூட்டுகிறது என்பது அல்ல. பூட்டியவர் செத்துப்போனால் யார் திறப்பார் என்பதுதான்.

கையால் பிடித்திருக்கும் கதவு

லினக்ஸில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. `flock` என்ற கட்டளை, பூட்டைக் கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதில் வைப்பதில்லை. இந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் இந்த ப்ராசஸிடம் பூட்டு இருக்கிறது என்று கணினியின் கெர்னலே நினைவில் வைத்துக்கொள்கிறது. அட்டை மாட்டுவதற்குப் பதிலாகக் கதவை உள்ளிருந்து கையால் பிடித்திருப்பது போல. பிடித்தவர் விழுந்தால் கை தானாக நழுவிவிடும். நிரல் எப்படிச் செத்தாலும் அது திறந்து வைத்திருந்த கோப்புகளைக் கெர்னல் மூடிவிடும். அத்தோடு பூட்டும் போய்விடும். சர்வரே அணைந்தாலும் அப்படித்தான். பார்ப்பதும் பிடிப்பதும் கெர்னலுக்குள் ஒரே செயலாக நடப்பதால் முதல் ஓட்டையும் அடைபடுகிறது.

```
*/10 * * * * flock -n -E 75 /opt/seettu/ninaivu.lock /opt/seettu/ninaivu.sh
```

`-n` என்றால், பூட்டு கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடு என்று பொருள். நினைவூட்டலுக்கு இதுதான் சரி. விட்டுப்போனதை அடுத்த ஓட்டம் எடுத்துக்கொள்ளும். நாள் கணக்கு முடிப்பதுபோல ஒவ்வொரு ஓட்டமும் கட்டாயம் நடக்க வேண்டிய வேலையானால், `-w` கொடுத்து இத்தனை விநாடி காத்திரு என்று சொல்லலாம். `-E 75` என்பது, பூட்டு கிடைக்காமல் திரும்பினால் 75 என்ற எண்ணோடு திரும்பு என்கிறது. இதைக் கொடுக்காவிட்டால் 1 என்ற எண் வரும். நிரலே பிழையாகி முடிந்தாலும் பெரும்பாலும் 1தான் வரும். இரண்டும் கலந்துவிட்டால், திரும்பிப் போனதா, உடைந்துபோனதா என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. வேலை முடிந்ததும் பூட்டுக் கோப்பை அழிக்கக் கூடாது. அழித்தால், பழைய கோப்பைப் பிடித்தபடி ஒருவரும், அதே பெயரில் புதிதாக உருவான கோப்பைப் பிடித்தபடி இன்னொருவரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க முடியும். வெறும் கோப்பு அங்கேயே கிடப்பதால் நட்டமில்லை. இரண்டாவது, நிரல் பின்னணியில் ஏதாவது துணை நிரலை விட்டுவிட்டு முடிந்தால், அந்தத் துணை நிரலும் பூட்டைப் பிடித்திருக்கும். வேலை முடிந்த பிறகும் பூட்டு விடவில்லை என்றால் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

பிடித்தவர் சாகவும் இல்லை, நகரவும் இல்லை

செத்தவரின் பூட்டு தானாகத் திறக்கும். ஆனால் குறுஞ்செய்தி சர்வரிடமிருந்து வராத பதிலுக்காக ஒரு நிரல் காத்துக்கொண்டே இருந்தால்? அது உயிரோடுதான் இருக்கிறது. பூட்டும் அதன் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பத்து நிமிடமும் புதிய ஓட்டம் வந்து திரும்பிப் போகும். முன்பு மூன்று செய்தி போன இடத்தில் இப்போது ஒன்றுகூடப் போகாது. ஆகவே பூட்டு வைக்கும் இடத்தில் கால வரம்பும் வைக்க வேண்டும்.

```
flock -n -E 75 /opt/seettu/ninaivu.lock \
  timeout -k 30s 8m /opt/seettu/ninaivu.sh
```

(கிரானில் எழுதும்போது இதை ஒரே வரியாக எழுத வேண்டும்.) எட்டு நிமிடத்தில் நிரல் முடியாவிட்டால் `timeout` அதற்கு 'முடித்துக்கொள்' என்று சமிக்ஞை அனுப்பும். நிரல் அதைப் பிடித்து, கையில் இருக்கும் ஒரு செய்தியை முடித்துவிட்டு நிற்கலாம். இன்னும் 30 விநாடியில் நிற்காவிட்டால், எந்த நிரலாலும் தடுக்க முடியாத இறுதிச் சமிக்ஞை போகும். கால வரம்பு தாண்டி, முதல் சமிக்ஞையிலேயே நின்றால் திரும்பும் எண் 124. இறுதிச் சமிக்ஞை தேவைப்பட்டால் 137.

ஏன் எட்டு நிமிடம்? வழக்கமான மூன்று நிமிடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே சாதாரணத் தாமதத்துக்கெல்லாம் வெட்டாது. எட்டரை நிமிடம் பத்தைவிடக் குறைவு. ஆகவே அடுத்த ஓட்டம் வரும்போது பூட்டு திறந்திருக்கும்.

பூட்டு இருக்கிறது, கால வரம்பு இருக்கிறது. இனி அந்த மந்தமான காலையை மறுபடி ஓட்டிப் பார்ப்போம். 9 மணிக்குத் தொடங்கிய நிரலுக்கு எட்டு நிமிடம், அதாவது 480 விநாடி கிடைக்கிறது. ஒரு செய்திக்கு 2.5 விநாடி வீதம் 192 பேருக்கு அனுப்பிய நிலையில் வெட்டப்படுகிறது. 'அனுப்பியாயிற்று' என்று குறிப்பதோ எல்லாம் முடிந்த பிறகு. அது நடக்கவே இல்லை. 9:10க்கு வரும் ஓட்டம் மறுபடி அதே 192 பேருக்கு அனுப்பிவிட்டு வெட்டுப்படுகிறது. 9:20க்கும் அதே 192 பேர். பட்டியலின் முதல் பகுதியில் இருப்பவர்களுக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு செய்தி. கடைசி 408 பேருக்கு ஒன்றுமே இல்லை. மந்தம் தீரும்வரை இது நிற்காது.

முன்பைவிட மோசம். பூட்டும் கால வரம்பும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன. பாதியில் வெட்டினால் தாங்கும்படி நிரல் எழுதப்படவில்லை என்பதுதான் குறை.

குறிப்பதை எப்போது குறிப்பது

திருத்தம் சின்னது. ஒவ்வொரு செய்தியும் போனவுடன் அந்த ஒருவருக்கு மட்டும் குறி போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போக வேண்டும். இப்போது அதே காலை: 9 மணிக்கு 192 பேர், 9:10க்கு அடுத்த 192, 9:20க்கு இன்னொரு 192. 9:30க்கு மீதி 24 பேர். 9:31க்கு வேலை முடிந்தது. சர்வர் மந்தமாகவே இருந்தும் ஒவ்வொருவருக்கும் ஒரே செய்தி. வெட்டுப்பட்ட ஓட்டத்தை அடுத்த ஓட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

ஒரு சிறு இடைவெளி மட்டும் மிஞ்சுகிறது. செய்தி போன பிறகு, குறி போடுவதற்கு முன், அந்தக் கணத்தில் வெட்டு விழுந்தால் அந்த ஒருவருக்கு இரண்டாவது செய்தி போகும். குறியை முதலில் போட்டுவிட்டு அனுப்பலாம் என்றால், வெட்டு விழும்போது அவருக்குச் செய்தியே போகாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். நினைவூட்டலில் ஒருவருக்கு இருமுறை போனால் பரவாயில்லை.

பணத்தில் அப்படி விட முடியாது. அங்கே வழி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாள எண்ணைக் கொடுத்து அனுப்புவது. 2047ஆம் எண் வாடிக்கையாளரின் 2026 மார்ச் மாதத் தவணை என்றால் `2047-2026-03`. எத்தனை முறை அனுப்பினாலும் இந்த எண் மாறாது. பெறும் பக்கம் ஒரே எண்ணை இரண்டாம் முறை பார்த்தால், பணத்தைப் பிடிக்காமல் முதல் முறையின் முடிவையே திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த எண்ணை நிரல் ஓடும் நேரத்திலிருந்து உருவாக்கும் தவறு அடிக்கடி நேர்கிறது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது எண் வரும். பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

மறுபடி முயல்வதற்கும் கணக்கு உண்டு

ஒரு செய்தி போகாவிட்டால் உடனே விட்டுவிடாமல் மறுபடி முயல்வது நியாயம்தான். ஒவ்வொரு முயற்சிக்கும் 5 விநாடி வரம்பு வைக்கிறோம். தோற்றால் 2 விநாடி பொறுத்து ஒருமுறை, பிறகு 4, பிறகு 8 விநாடி பொறுத்து முயல்கிறோம். இடைவெளியை இப்படி இரட்டிப்பாக்குவது, திணறும் சர்வருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதற்காக. அதோடு ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் குத்துமதிப்பாகக் கூட்டிக் குறைப்பார்கள். இல்லையென்றால் ஒரே நேரத்தில் தோற்ற ஆயிரம் பேரும் சரியாக ஒரே நேரத்தில் திரும்ப வந்து மோதுவார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். நான்கு முயற்சிக்கு 20 விநாடி, இடைவெளிகளுக்கு 14. ஒரு செய்திக்கு 34 விநாடி. சர்வர் முழுதாகவே விழுந்துவிட்டால் 600 செய்திக்கு 20,400 விநாடி, அதாவது 5 மணி 40 நிமிடம். எட்டு நிமிட வரம்புக்குள் வெறும் 14 பேருக்குத்தான் முயன்றிருப்போம், அத்தனையும் வீண்.

இங்கே மறந்துபோகிற உண்மை ஒன்று: நேரம் பார்த்து ஓடும் வேலைக்கு அடுத்த ஓட்டமே ஒரு மறுமுயற்சி. ஆகவே தொடர்ந்து ஐந்து பேருக்கு எல்லா முயற்சியும் தோற்றால், சர்வரே சரியில்லை என்று முடிவு செய்து ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். ஐந்து பேருக்கு 170 விநாடி, மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மீதியைப் பத்தாவது நிமிடத்தில் வருபவர் பார்த்துக்கொள்வார். எண்ணே தவறு என்று பதில் வந்தால் மறுபடி முயலவே கூடாது. தவறான எண் என்று குறித்துவிட்டு நகர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர் ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்து நேரத்தைத் தின்னும்.

சர்வர் இரண்டானால்

`flock` பூட்டு ஒரு கணினிக்குள் மட்டும்தான். ஒன்று விழுந்தால் இன்னொன்று ஓடட்டும் என்று இரண்டு சர்வர் வைத்து, இரண்டிலும் அதே கிரான் வரியை எழுதிவைத்தால், இரண்டும் தத்தம் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக ஓடும். பூட்டை இருவருக்கும் பொதுவான இடத்தில், உதாரணமாகத் தரவுத்தளத்தில், வைக்க வேண்டும்.

```sql
UPDATE pootu
SET mudivu = now() + interval '9 minutes', en = en + 1
WHERE peyar = 'ninaivu' AND mudivu < now()
RETURNING en;
```

இது குத்தகை. ஒன்பது நிமிடத்துக்குப் பூட்டு உன்னுடையது. அதற்குள் நீ செத்தாலும் சரி, காலம் முடிந்ததும் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரி திரும்பக் கிடைத்தால் பூட்டு நம்முடையது. ஒன்றும் வராவிட்டால் மற்றவரிடம் இருக்கிறது. இரண்டு சர்வர்களின் கடிகாரங்களும் ஒத்துப்போகும் என்று நம்ப முடியாததால் நேரத்தைத் தரவுத்தளத்தின் கடிகாரத்திலேயே பார்க்கிறோம்.

ஆனால் குத்தகை எடுத்த சர்வர் 12 நிமிடம் உறைந்துபோய்ப் பிறகு எழுந்தால்? மெய்நிகர் கணினிகளில் இது நடக்கக்கூடியது. அதற்குள் குத்தகை முடிந்து, இன்னொரு சர்வர் எடுத்து வேலையைத் தொடங்கியிருக்கும். எழுந்தவருக்கோ இடையில் காலம் போனதே தெரியாது. பூட்டு தன்னிடம் இருப்பதாக நினைத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்குவார்.

இது கற்பனை அல்ல. 2025 அக்டோபர் 20, இந்திய நேரம் பகல் 12:18 முதல், அமேசான் வெப் சர்வீசஸின் வர்ஜீனியா மையத்தில் டைனமோடிபி என்ற தரவுத்தளச் சேவை சுமார் மூன்று மணி நேரம் எட்ட முடியாமல் போனது. அதை நம்பியிருந்த எத்தனையோ சேவைகள் அதோடு விழுந்தன. அந்நிறுவனமே பிறகு காரணத்தை விளக்கியது. சேவையின் முகவரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஒரே மாதிரியான தானியங்கி நிரல்கள் மூன்று இடங்களில் தனித்தனியே ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன் கையில் உள்ள திட்டம் புதியதுதானா என்று தொடக்கத்தில் ஒருமுறை சரிபார்க்கும். அன்று ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமதித்து, மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தது. அதற்குள் இன்னொன்று மிகப் புதிய திட்டத்தை எழுதி முடித்தது. தாமதித்தது அதன்மேல் தன் பழைய திட்டத்தை எழுதியது; அது செய்திருந்த சரிபார்ப்பு அதற்குள் காலாவதியாகியிருந்தது. இரண்டாவது நிரல் பழைய திட்டங்களைத் துப்புரவு செய்தபோது, இப்போது நடப்பில் இருந்த அந்தப் பழைய திட்டத்தையும் அழித்தது. முகவரிப் பட்டியல் வெறுமையானது. ஆட்கள் கைவைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் சரிபார்த்தது எழுதும் கணத்துக்குச் செல்லாது என்பதுதான் இதன் சாரம். அதற்குத்தான் மேலே உள்ள கட்டளையில் `en` என்ற எண். குத்தகை கைமாறும்போதெல்லாம் அது ஒன்று கூடும். உறைந்தவரிடம் 33, புதியவரிடம் 34. ஒவ்வொரு முறை எழுதும்போதும் இந்த டோக்கன் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 34ஐப் பார்த்துவிட்ட தரவுத்தளம் 33ஓடு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். கூகுளின் சப்பி என்ற பூட்டுச் சேவை இத்தகைய எண்ணைத் தருவதை 2006இல் வெளிவந்த அதன் ஆய்வுக் கட்டுரை விவரிக்கிறது. ஆனால் எழுதப்படும் இடம் எண்ணைச் சரிபார்த்தால்தான் இது பலிக்கும். வெளியே உள்ள குறுஞ்செய்தி சர்வருக்கு நம் டோக்கன் தெரியாது. அங்கே காப்பாற்றுவது, முன்பு பார்த்த அந்த மாறாத அடையாள எண் மட்டும்தான்.

எப்படித் தெரிந்துகொள்வது

இந்த ஏற்பாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குணம், தோற்கும்போது சத்தம் போடாமல் தோற்பது. பூட்டு கிடைக்காமல் திரும்புவதும் ஒழுங்கான நடத்தைபோலவே இருக்கும். ஆகவே பிழையைத் தேடுவதைவிட வெற்றியைத் தேடுவது நல்லது. ஒவ்வொரு ஓட்டமும் முழுதாக முடிந்ததும் நேரத்தை ஓரிடத்தில் எழுதட்டும். அந்த நேரம் 40 நிமிடத்துக்கும் பழையதாகிவிட்டால், வேறொரு கணினி பொறுப்பாளரை அழைக்கட்டும். கூடவே ஒவ்வொரு ஓட்டமும் எடுத்த நேரத்தையும், 75, 124, 137 ஆகிய எண்கள் எத்தனை முறை வந்தன என்பதையும் குறித்துவைத்தால் போதும். ஒரு 75 கவலை தராது. வரிசையாக நான்கு வந்தால் யாரோ பூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று நிமிடத்தில் முடிந்த ஓட்டம் நான்காகி, ஐந்தாகி, ஆறாகி ஏறிக்கொண்டே வந்தால், அந்த மந்தமான காலை இன்னும் வரவில்லை, ஆனால் வந்துகொண்டிருக்கிறது.